விழாத சீட்டைக் காட்டுங்கள்

போன வாரம் சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். அவர் குடியிருப்புல பொங்கல் விழா, குலுக்கல்ல ஒரு வாஷிங் மெஷின் பரிசு. அது செயலாளர் வீட்டுக்கே விழுந்துடுச்சாம். "எவனும் வாயத் திறந்து ஒண்ணும் சொல்லல சார், ஆனா அன்னைக்கு ராத்திரியே வாட்ஸப் குரூப்ல பாதிப்பேர் வெளியேறிட்டாங்க" என்றார். செயலாளர் தப்புப் பண்ணினாரா என்று கேட்டேன். "தெரியாது, அதான் பிரச்சனையே" என்றார்.

அந்தத் "தெரியாது" எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி எங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுல குலுக்கலை நடத்தினவன் நான்தான். யோக்கியமாத்தான் நடத்தினேன். ஊர்ல பாதிப்பேர் இன்னைக்கு வரைக்கும் அதை நம்பல. அவங்க நம்பாதது சரி என்பதுதான் இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது. தப்பு என் மேலதான்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன். எங்க ஊர்ல திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி. அந்த வருஷம் உபயமா வந்த பொருளை வச்சு, வீட்டுக்கு ஒரு சீட்டுன்னு குலுக்கிக் கொடுக்கலாம்னு கமிட்டியில முடிவாச்சு. முதல் பரிசு ஒரு கிடாரிக் கன்னுக்குட்டி. 196 வீட்டுப் பேரையும் நானே நோட்டுப் பேப்பர்ல எழுதினேன், நானே கிழிச்சேன், நாலா மடிச்சேன், ஒரு மண்பானையில போட்டேன். வெளியூர்ல இருந்து வந்த விருந்தாளி ஒருத்தரை மேடைக்குக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். அவர் எடுத்து என் கையில கொடுத்தார். நான் மைக்கில படிச்சேன். எங்க பொருளாளரோட தங்கச்சி மகன் பேரு. கைதட்டல் மேலத்தெருப் பக்கம் மட்டும் கேட்டுச்சு.

மறுநாள் காலையில பந்தல் பிரிக்கும்போது பானையில மிச்சமிருந்த சீட்டையெல்லாம் குப்பையோட சேர்த்துக் கூட்டிக் கொளுத்திட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அன்னைக்கு அது தப்புன்னே தெரியல.

மூணாம் நாள் கீழத்தெருவுல பேச்சு கிளம்பிடுச்சு. "பானைக்குள்ள இருந்தது பூராம் ஒரே பேரு." டீக்கடையில எனக்கு முன்னாடியே ஒரு பெரியவர் கேட்டார்: "ஏப்பா, இல்லைன்னா மிச்சச் சீட்டை எதுக்கு எரிச்ச?" என்கிட்ட பதில் இல்ல. "என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா பெரியப்பா?" என்றுதான் கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "தெரியும், அதனாலதான் முகத்துக்கு நேரா கேக்குறேன். மத்தவன் கேக்கல, அவ்வளவுதான்" என்றார்.

இது கன்னுக்குட்டியோட நின்னிருந்தா நானும் விட்டிருப்பேன். எங்க ஊர்ல கண்மாய்த் தண்ணி குறையிற காலத்துல எந்த மடைக்கு எந்த நாள் முறைன்னு சீட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணுவோம். அதைச் செய்யிறதும் இதே ஆளுங்கதான். அந்தத் தை மாசம், பயிர் பால் பிடிக்கிற நேரம், கீழத்தெருக்காரங்க சீட்டுக்கு ஒத்துக்கல. "கன்னுக்குட்டியில பார்த்தோம்ல" என்று ஒரே வார்த்தை. நாலு நாள் பேச்சுவார்த்தை. அந்த நாலு நாள்ல கடைமடை வயல்ல பாளம் விட்டுடுச்சு. அதுல என் வயலும் ஒண்ணு.

குலுக்கல் நடத்துற ஆளுங்க எல்லாரும் சொல்ற வார்த்தைகள் மூணு. "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" "கோயில் காரியத்துல யாராவது தப்புப் பண்ணுவாங்களா?" "சாமி பார்த்துக்கும்." மூணையும் நானே சொல்லியிருக்கேன். மூணும் கேள்வி கேக்குறவன் வாயை அடைக்கிற வார்த்தைகள். நடத்துறவன் நல்லவனா கெட்டவனா என்பதை வச்சு ஒரு குலுக்கலை ஏத்துக்கச் சொல்றது, எடை போடாம நெல்லை வாங்கிக்கச் சொல்ற மாதிரி. நான் நல்லவன்தான், ஆனாலும் தராசை வைங்கன்னு வியாபாரியே சொல்லணும். அதுதான் மரியாதை.

இன்னொண்ணு, குலுக்கல்ல ஜெயிச்சவனுக்கு எந்த விளக்கமும் தேவையில்ல. 196 வீட்டுல அஞ்சு வீடு ஜெயிக்குது, 191 வீடு தோக்குது. குலுக்கல் நடத்துறது அந்த 191 வீட்டுக்காகத்தான். ஆனா நாம என்ன செய்யிறோம்? ஜெயிச்ச சீட்டை மைக்கில படிக்கிறோம், ஆளை மேடையேத்தி போட்டோ எடுக்கிறோம். தோத்த சீட்டை அள்ளிக் கொளுத்துறோம். காட்ட வேண்டியது விழாத சீட்டை.

தோத்தவன் மனசுல இருக்கிற சந்தேகம் எத்தனையோ மாதிரி வெளிய வந்தாலும், உள்ள மூணுதான். என் சீட்டு உள்ளயே போகல. அவன் சீட்டு நிறையப் போட்டிருக்கு. எடுத்தவன் கையில முன்னாடியே வச்சிருந்தான். இந்த மூணுக்கும் தனித்தனியா, கண்ணு முன்னாடி, பதில் இருக்கணும். போன வருஷம் அதைத்தான் செய்தோம். எப்படிச் செய்தோம்னு சொல்றேன், பிடிச்சா எடுத்துக்குங்க.

முதல் சந்தேகம், என் சீட்டு உள்ள போகல. இதுக்கு ஒரே பதில், அவனவன் சீட்டை அவனவனே போடுறது. பேரும் நம்பரும் அச்சடிச்ச தாளை, ஒரே அளவுத் துண்டுகளா வெட்டி, நம்பர் வரிசையில கோயில் முன்னாடி மேஜையில பரப்பி வச்சோம். சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் நேரம். ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒருத்தர் வந்து தன் சீட்டைப் படிச்சுப் பார்த்து, சுருட்டி, ஒரு குழாய்த் துண்டுக்குள்ள சொருகி, தானே உள்ள போடணும். போட்டதும் பட்டியல்ல அவங்க பேருக்கு நேரா ஒரு டிக்.

குழாய்த் துண்டு என்றது வேற ஒண்ணுமில்ல, இளநீர்க் கடையில கொடுக்கிற பேப்பர் ஸ்ட்ரா. ஒரு ஸ்ட்ராவை அஞ்சா வெட்டினோம். 214 வீட்டுக்கு 43 ஸ்ட்ரா போதும். இது எதுக்குன்னா, மடிச்ச சீட்டுல ஒரு ஆபத்து இருக்கு. ஒருத்தன் நாலா மடிப்பான், ஒருத்தன் எட்டா மடிப்பான். முனையை லேசாக் கிள்ளி விட்டா விரலுக்குத் தெரியும். ஸ்ட்ராவுக்குள்ள போயிட்டா எல்லாம் ஒரே பருமன், ஒரே நீளம், தொட்டு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு மூணு பேர் ஆர்வத்துல தாளைத் துருத்திக்கிட்டு நிக்கிற மாதிரி சொருகினாங்க. மேஜையில உட்கார்ந்திருந்த பையன் அதைப் பார்த்து உள்ள தள்ளச் சொன்னான். அதை மட்டும் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்.

எட்டு மணிக்கு 173 வீடு போட்டிருந்தது. மேஜையில 41 சீட்டு மிச்சம். அந்த 41 பேரையும் மைக்கில ஒவ்வொண்ணாப் படிச்சு, மேலத்தெருவுல ஒருத்தர், கீழத்தெருவுல ஒருத்தர், ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள போட்டாங்க. மேஜை காலி. அதையும் எல்லாரும் பார்த்தாங்க.

இப்ப கலக்குறது. இதுல யாரும் ஏமாத்தாமலே அநியாயம் நடக்கும், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 1969 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவுல வியட்நாம் போருக்கு இளைஞர்களை எடுக்க ஒரு குலுக்கல் நடந்தது. வருஷத்தோட 366 நாளையும் தனித்தனிச் சீட்டா எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு எடுத்தாங்க. எந்தத் தேதி முதல்ல வருதோ அன்னைக்குப் பிறந்தவன் முதல்ல போகணும். பெட்டிக்குள்ள ஜனவரியில ஆரம்பிச்சு மாச வரிசையிலதான் சீட்டுகள் போயிருந்தது. கலக்கினது பத்தல. கடைசியாப் போன டிசம்பர் தேதிகள் முன்னாடி முன்னாடி வந்துச்சு. டிசம்பரோட 31 நாள்ல 26 நாள் முதல் பாதிக்குள்ள வந்துடுச்சு. யாரும் திருட்டுத்தனம் பண்ணல. சரியாக் கலக்காததுக்கு விலை, டிசம்பர்ல பிறந்த பையனுங்க தலையில விழுந்தது.

எங்க பழைய மண்பானையிலயும் இதேதான் நடந்திருக்கும். நான் சீட்டைத் தெரு வரிசையிலதான் எழுதினேன், அதே வரிசையிலதான் போட்டேன். கடைசியாப் போட்டது மேலத்தெரு. பானையோ கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்தது. வாய்ல ஒரு கையை விட்டு நாலு தரம் கிண்டினேன். அடியில இருந்த கீழத்தெருச் சீட்டு மேல வரவே இல்ல. பரிசு அஞ்சுல நாலு மேலத்தெருவுக்குப் போச்சு. அது தற்செயலா, என் கிண்டலோட லட்சணமான்னு இப்ப யாரால சொல்ல முடியும்?

அதனால போன வருஷம் பானையை விட்டுட்டோம். காலியான இருபது லிட்டர் தண்ணிக் கேன் ஒண்ணை எடுத்து, பக்கவாட்டுல கை போற அளவுக்கு ஒரு சதுரம் வெட்டினோம். உள்ள இருக்கிறது வெளிய தெரியும், அது முதல் லாபம். 214 ஸ்ட்ராத் துண்டும் அதுக்குள்ள அடியில கொஞ்சமாத்தான் கிடக்கும், மிச்சம் பூரா காலி இடம். கலக்குறதுக்கு அந்தக் காலி இடம்தான் முக்கியம். நிறைஞ்ச பாத்திரத்துல எதுவும் கலக்காது. வெட்டின வாயை டேப் போட்டு மூடி, கேனைப் படுக்க வச்சு, ரெண்டு பசங்க தரையில உருட்டினாங்க.

எத்தனை தரம் உருட்டினாப் போதும்னு முந்தின நாளே சோதிச்சுப் பார்த்தோம். வெள்ளை ஸ்ட்ராத் துண்டுகளைப் போட்டு, எல்லாத்துக்கும் மேல கடைசியா இருபது சிவப்புத் துண்டு. அஞ்சு தரம் உருட்டினதுல சிவப்பு ஒரு பக்கமாவே ஒதுங்கிக் கிடந்துச்சு. உருட்டுறதோட நடுநடுவுல தலைகீழாவும் கவுத்துப் புரட்டினதும் பரவ ஆரம்பிச்சது. இருபது உருட்டு, அஞ்சு கவுப்பு முடிஞ்சதும் சிவப்பு எங்கே பார்த்தாலும் தெரிஞ்சது. அதையே விதியா எழுதிட்டோம். திருவிழா அன்னைக்குப் பசங்க உருட்ட, கூட்டமே எண்ணிச்சு.

மூணாவது சந்தேகம், கை. எடுக்கிறவன் விரல் இடுக்குல முன்னாடியே சீட்டை வச்சிருந்தா? மந்திரி, தாசில்தார், வெளியூர் விருந்தாளின்னு பெரிய மனுசங்களைக் கூப்பிடுறது இதுக்கு மருந்தே இல்ல. பெரிய மனுசன் கையை விரிச்சுக் காட்டுங்கன்னு யாராலும் சொல்ல முடியாது, அதனாலயே அவர் எடுக்கக் கூடாது.

இதுக்கு வழி ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம மண்ணுல கல்லுல வெட்டி வச்சிருக்கு. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்போம், பரீட்சைக்கு ரெண்டு மார்க் வாங்கிட்டு மறந்திருப்போம். அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. முப்பது குடும்புக்கும் ஓலை எழுதிக் கட்டிக் குடத்துல போடணும். சின்னவங்க பெரியவங்க எல்லாரும் சபையில கூடியிருக்கணும். நம்பிமார் எல்லாரும் இருக்கணும். அவங்கள்ல வயசுல மூத்தவர் ஒருத்தர் குடத்தை எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி தூக்கிப் பிடிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் எடுக்கணும். ஒரு குடும்போட ஓலைக்கட்டை எடுத்து, அதை வேற ஒரு குடத்துல போட்டுக் குலைச்சு, அதுல இருந்து ஒரு ஓலை. அந்த ஓலையை வாங்குற நடுவர் அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். அவர் படிக்கணும். அதோட விடாம, அங்க இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதையே படிக்கணும்.

அஞ்சு விரலை அகல விரிச்சு! இதை எழுதினவன் குலுக்கல்ல என்னென்ன திருட்டு நடக்கும்னு நல்லாப் பார்த்தவன். "நடுவர் நல்லவர்தானே" என்று அவன் விடல. நல்லவரோட விரலையும் விரிக்க வச்சான்.

நாங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டோம். திருவிழாவுக்கு வெளியூர்ல இருந்து வந்திருந்த, நாலு வயசு கூட நிரம்பாத ஒரு பாப்பா. கைச்சட்டையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டு, ரெண்டு கையையும் விரிச்சுக் கூட்டத்துக்குக் காட்டினாங்க அவ அம்மா. எடுத்த துண்டை விரிச்ச உள்ளங்கையில வாங்கினது கீழத்தெரு ஆள். பிரிச்சுப் படிச்சதும் அவர்தான். அடுத்து அதையே வாங்கிப் படிச்சது மேலத்தெரு ஆள். மூணாவதா பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணு பட்டியல்ல நம்பரும் பேரும் ஒத்துப் போகுதான்னு பார்த்து மைக்கில சொல்லுச்சு. கமிட்டி ஆளு யாரும் சீட்டைத் தொடல. நான் கேன் பக்கமே போகல.

இங்க ஒரு முக்கியமான விஷயம். எடுத்த சீட்டை மறுபடி எடுக்கக் கூடாது. எத்தனையோ குலுக்கல் கெட்டுப்போறது இங்கதான். "ஆள் வரல, வேற எடு." "இவங்களுக்குப் போன வருஷமே விழுந்துச்சு, வேற எடு." நல்ல எண்ணத்துலதான் சொல்வாங்க. ஆனா ஒரு தரம் "வேற எடு" சொல்லிட்டா, அதுக்கப்புறம் வர்ற சீட்டு குலுக்கல்ல வந்தது இல்ல, சொன்னவன் விருப்பத்துல வந்தது. அதனால விதிகளை மூணு நாளுக்கு முன்னாடியே எழுதிப் பட்டியலோட கோயில் சுவத்துல ஒட்டணும். எங்க விதியில ஆள் வராட்டியும் பரிசு உண்டு, மூணு நாளைக்குள்ள வந்து வாங்கிக்கலாம். "நேர்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்" என்று போடுறது எங்க மாதிரி ஊருக்கு அநியாயம். மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில வந்தா, மோட்டார் போட்டுத் தண்ணி கட்டப் போனவன் எப்படி மேடை முன்னாடி நிப்பான்?

இப்ப ரெண்டாவது சந்தேகத்துக்கு வர்றேன். அவன் சீட்டு நிறையப் போட்டிருக்கு. இதை வேணும்னே கடைசியா வச்சேன், ஏன்னா இதுக்கான பதிலைக் குலுக்கல் முடிஞ்ச பிறகுதான் காட்ட முடியும். யாரும் காட்டுறதில்ல. பரிசு கொடுத்ததும் பாட்டுப் போட்டு விட்டுடுவாங்க.

நாங்க பாட்டுப் போட விடல. கேன்ல மிச்சம் இருந்த எல்லாத்தையும் ஒரு வெள்ளை வேட்டியில கொட்டினோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எட்டுப் பேர் ஸ்ட்ராவுல இருந்து சீட்டை உருவி, நம்பர் பார்த்து, வரிசைக்குப் பத்தா அடுக்குச்சுங்க. ஒண்ணுல இருந்து பத்து முதல் வரிசை, பதினொண்ணுல இருந்து இருபது ரெண்டாவது. இருபத்தோரு வரிசை, கடைசியில நாலு. அடுக்கி முடிச்சப்ப அஞ்சு இடம் காலியா இருந்துச்சு. பரிசு விழுந்த அஞ்சு சீட்டையும் கொண்டு வந்து அந்த அஞ்சு இடத்துல வச்சோம். நிறைஞ்சுடுச்சு. எங்கயும் ஓட்டை இல்ல, எங்கயும் ஒரே நம்பர் ரெண்டு இல்ல. இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த இருபத்தஞ்சு நிமிஷம்தான் குலுக்கல். மத்ததெல்லாம் வேடிக்கை.

அன்னைக்குக் கன்னுக்குட்டி யாருக்கு விழுந்துச்சுன்னு கேக்குறீங்களா? எங்க கமிட்டித் தலைவரோட அண்ணன் வீட்டுக்கு! பேரைப் படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கூட்டத்துல முணுமுணுப்பும் கிளம்புச்சு. அப்புறம் வேட்டி விரிச்சாச்சு. டீக்கடையில என்னைக் கேட்ட அதே பெரியப்பா டார்ச் லைட்டோட குனிஞ்சு தன் நம்பரைத் தேடினார். ஏழாவது வரிசையில இருந்துச்சு. எடுத்துப் படிச்சார். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சரிப்பா, அவனுக்கு அதிர்ஷ்டம்" என்றார். தன் சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டார். இந்தத் தை மாசம் மடைச் சீட்டுக்கு அவர்தான் முதல் ஆளா வந்து உட்கார்ந்தார். அங்கயும் வேட்டி விரிச்சோம்.

"இவ்வளவு எதுக்கு, போன்ல ஒரு செயலி இருக்கு, சக்கரம் சுத்தும், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று நகரத்து நண்பர்கள் சொல்வீங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, சரி. அதுக்குள்ள பேரை ஏத்தினவர் யாரு? ஒரு பேரை ரெண்டு தரம் ஏத்தினா யாருக்குத் தெரியும்? ஒரு பேருக்கு மட்டும் கூடுதல் பங்கு கொடுக்கிற வசதியே சில சக்கரங்கள்ல இருக்கு. மேடைக்குப் பின்னாடி பத்துத் தரம் சுத்திப் பார்த்துட்டு வந்தாரா, முதல் தரமே இதுதானா? திரையைப் பார்க்கிறவனுக்கு முடிவு மட்டும்தான் தெரியுது. கேன்ல கிடக்கிறதை எங்க ஊர்ப் படிக்காத அப்பத்தாகூட எண்ண முடியும். சந்தேகப்படுற ஆளு தானே சரிபார்க்க முடியாத முறை, எவ்வளவு நவீனமா இருந்தாலும் அவனுக்கு அது என் மண்பானைதான்.

இன்னொண்ணும் சொல்லிடணும். பள்ளிக்கூட விழா, குடியிருப்பு விழான்னு பிள்ளைங்க கையில சீட்டுக் கட்டைக் கொடுத்து, ஐம்பது ரூபா நூறு ரூபாய்னு வித்துட்டு வரச் சொல்றாங்க. காசுக்குச் சீட்டு வித்துக் குலுக்கினா அதுக்குப் பேரு லாட்டரி. தமிழ்நாட்டுல 2003இல் இருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை. நல்ல காரியத்துக்குன்னு சொன்னா மட்டும் அது வேற ஒண்ணா மாறிடாது. எங்க சீட்டு வீட்டுக்கு ஒண்ணு, இலவசம். வரி கொடுத்த வீடு, கொடுக்காத வீடுன்னு பார்க்கல. நூறு சீட்டு வாங்குற வசதியுள்ளவன் ஜெயிச்சா அது அதிர்ஷ்டமும் இல்ல, திருவிழாவும் இல்ல.

இவ்வளவு செய்தும் இந்த முறையால பிடிக்க முடியாத ஒரு திருட்டு இருக்கு. அது கேனுக்குள்ள நடக்காது, பட்டியல்ல நடக்கும். முதல் வருஷம் 196 வீடுன்னு சொன்னேன். போன வருஷம் 214. ஊர் ஒண்ணும் வளரல. புருஷன் இல்லாத பொம்பளைங்க தனியா இருக்கிற வீடுகளை எங்க ஊர்ல முழுத் தலைக்கட்டா எண்ணுறதில்ல, அரை வரிதான். அதனால எனக்கு அவங்க பேரை எழுதவே தோணல. அப்பனோட சண்டை போட்டுத் தனியாப் போன ரெண்டு மூணு வீடும் விட்டுப்போச்சு. மொத்தம் பதினெட்டு வீடு. அவங்க சீட்டு பானைக்குள்ள இல்லைன்னு கீழத்தெருவுல சிலர் சொன்னது, பாருங்க, உண்மைதான்!

மூணு நாள் பட்டியலைச் சுவத்துல ஒட்டி வச்சப்பத்தான் இது வெளிய வந்துச்சு. முதல் நாளே ஒரு அத்தாச்சி வந்து, "ஏன் தம்பி, எங்க வீட்டுல அடுப்பு எரியலையா?" என்று கேட்டாங்க. உத்திரமேரூர்க் கல்வெட்டுலயும் இதே கதைதான். விரலை விரிக்கச் சொன்ன அந்த ஊர்ல, நிலம் இருக்கணும், வீடு இருக்கணும், இந்த வயசுக்குள்ள இருக்கணும்னு ஓலையில பேர் எழுதுறதுக்கே அத்தனை வேலி. அது பிராமணர் சபை, பொம்பளைக்கும் கூலிக்காரனுக்கும் அங்க ஓலை கிடையாது. எடுக்கிறது எவ்வளவு சுத்தமா இருந்தாலும் எழுதாத பேரு வராது. அதனால சென்னை நண்பருக்கு நான் முதல்ல சொன்னது இதுதான்: கேனை விடுங்க, முதல்ல பட்டியலை ஒட்டுங்க. வாடகைக்கு இருக்கிறவங்க பேரு அதுல இருக்கா? காவலாளி, வீட்டு வேலைக்கு வர்ற அம்மா பேரு இருக்கணுமா வேண்டாமான்னு கூட்டத்துல கேட்டு முடிவு பண்ணி, அதையும் எழுதி ஒட்டுங்க.

அவர், "இதெல்லாம் செஞ்சா செயலாளர் கோவிச்சுக்குவாரே" என்றார். கோவிச்சுக்கட்டும். வாஷிங் மெஷின் அவர் வீட்டுல ஓடுறப்பல்லாம் பக்கத்து வீட்டுல என்ன நினைக்கிறாங்கன்னு அவருக்கும் தெரியாதா என்ன? விழாத சீட்டையெல்லாம் வேட்டியில அடுக்கிக் காட்டினா, அந்தப் பேச்சுல இருந்து முதல்ல தப்பிக்கிற ஆளே அவர்தான். ரெண்டு வருஷம் அந்தப் பேச்சைச் சுமந்தவன் சொல்றேன்.

எங்க கேன் இப்பக் கோயில் ஸ்டோர் ரூம்ல இருக்கு. வரப்போற திருவிழாவுக்குப் பரிசு ரெண்டு கைத்தெளிப்பானும் ஒரு ஆட்டுக்குட்டியும்னு பேச்சு. பட்டியல் அடுத்த வாரம் சுவத்துக்கு வருது.